"3 வியூ, 9,000 ரூபாய்": ரெண்டர் கொட்டேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலாஜாபேட்டையில் கட்டப்போகும் ஒரு மாடி வீட்டுக்கு ரெண்டர், அதாவது கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் கம்ப்யூட்டர் படம், வேண்டும் என்று ஒரு பில்டர் கூப்பிட்டார். நான் காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே இந்த வேலை செய்கிறேன். அன்று வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய கொட்டேஷன் ஒரே வரி: "எக்ஸ்டீரியர் 3 வியூ, 9,000 ரூபாய், கரெக்‌ஷன் சேர்த்து." நாலு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று வாரம் இழுத்தது. பில்டர் நல்லவர்தான், பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த வரியில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மனதில் ஓர் அர்த்தம், என் மனதில் வேறோர் அர்த்தம்.

முதலில் "வியூ". எனக்கு வியூ என்றால் ஒரு கேமரா, ஒரு வெளிச்சம். அவருக்கு அது வீட்டின் ஒரு பக்கம். அதனால் முன்பக்கத்தைப் பகலிலும் ராத்திரியிலும் கேட்டார். ராத்திரிப் படத்துக்குச் சூரியனை அணைத்தால் மட்டும் போதாது. போர்டிகோ விளக்கு, காம்பவுண்ட் விளக்கு எல்லாம் வைக்கணும். உள்ளே விளக்கு எரியும் ஜன்னலில் வெறுமை தெரியாமல் திரைச்சீலையும் உள்சுவரும் வரணும். அது அரை நாள் வேலை. இப்போது நான் எண்ணிக்கையை மட்டும் எழுதுவதில்லை. "ரோட்டிலிருந்து முன்பக்கம், வடகிழக்கு மூலை, மொட்டை மாடி, மூன்றும் பகல் வெளிச்சம்" என்று பெயர் சொல்லி எழுதுகிறேன். அதே கேமராவில் ராத்திரி வேண்டும் என்றால் வியூ விலையில் 60 சதவீதம். டைல்ஸ், பெயிண்ட் எதுவும் போடுவதற்கு முன்பே, வெறும் வெள்ளை மாடலாக மூன்று கோணங்களையும் அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுகிறேன். அதற்கு அப்புறம் கோணம் மாறினால் அது புது வியூ.

அதிகமாக அடிபட்டது "கரெக்‌ஷன் சேர்த்து" என்ற இடத்தில்தான். எத்தனை என்று சொல்லாதது ஒரு தவறு. ஆனால் "2 கரெக்‌ஷன்" என்று எழுதியிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டேன். காலையில் பில்டர் தூணின் நிறத்தை மாற்றச் சொன்னார். மத்தியானம் வீட்டுக்காரர் கேட் டிசைன் அனுப்பினார். ராத்திரி அவருடைய மகன் மாடி கிரில்லைப் பற்றி வாய்ஸ் மெசேஜ் போட்டார். இது ஒரு கரெக்‌ஷனா, மூன்றா? அதனால்தான் இப்போது "சுற்று" என்று எழுதுகிறேன். எல்லோருடைய கருத்தையும் ஒருவரே சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்பினால் அது ஒரு சுற்று. பட்டியலில் இரண்டு வரி இருந்தாலும் சரி, பதினைந்து இருந்தாலும் சரி.

அடுத்தது, எது கரெக்‌ஷன், எது டிசைன் மாற்றம் என்பது. ஐந்தாம் நாள் பில்டர் போன் செய்து, "தம்பி, அப்படியே அந்த பால்கனியை மூணு அடியிலிருந்து அஞ்சு அடியா நீட்டிடுங்க, சின்ன வேலைதானே" என்றார். பால்கனி நீண்டால் அதன் ஸ்லாப், கைப்பிடிச் சுவர், கிரில் எல்லாம் மாறும். கீழே போர்டிகோ தூண் நகரும். சுவரில் விழும் நிழல் மாறுவதால் மூன்று வியூவையும் மறுபடி ரெண்டர் செய்யணும். எலிவேஷன் கல்லின் நிறத்தை மாற்றுவது வேறு விஷயம்: ஒரு மெட்டீரியலில் பத்து நிமிட வேலை, மறுபடி ரெண்டர், முடிந்தது. நான் வைத்திருக்கும் சோதனை எளிது. இந்த மாற்றத்துக்காக பிளானையோ எலிவேஷன் டிராயிங்கையோ திருத்த வேண்டுமா? வேண்டும் என்றால் அது டிசைன் மாற்றம், மணிக்கணக்கில் தனி விலை. இது செல்லுபடியாக, எந்தத் தேதியிட்ட டிராயிங்கை வைத்து விலை சொன்னோம் என்பது கொட்டேஷனில் இருக்கணும். அந்தத் தேதி இல்லாவிட்டால் "நான் முதல்லயே அஞ்சு அடின்னுதான் சொன்னேன்" என்பதற்கு நம்மிடம் பதில் இருக்காது. டிராயிங்கில் இருப்பதை நாம் தப்பாகச் செய்திருந்தால் அதைச் சுற்றுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது நம் பிழை, இலவசமாகத் திருத்துவதுதான் முறை.

ரெசல்யூஷன் பற்றி அந்த வரியில் ஒன்றுமே இல்லை. நான் 1920 × 1080-இல் கொடுத்தேன். போனில் பளிச்சென்று இருந்தது. பூமி பூஜைக்கு சைட்டில் 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸ் வைக்க அதையே கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 30 பிக்சல் இருந்தால் போதும். 20 அடி என்பது 240 அங்குலம், ஆகவே 7200 × 3600. (ஃப்ளெக்ஸுக்கும் 300 வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், அது கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கான கணக்கு.) இந்த 7200 × 3600-ஏ நான் முதலில் கொடுத்ததைவிட பன்னிரண்டரை மடங்கு பிக்சல். என் சிஸ்டத்தில் 25 நிமிடத்தில் வந்த படம் இப்போது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அது மட்டுமில்லை, ஃப்ளெக்ஸ் இரண்டுக்கு ஒன்று, என் படம் 16-க்கு 9. மேலும் கீழும் வெட்டியதில் மொட்டை மாடித் தொட்டியும் தரையும் போய்விட்டன. அளவோடு வடிவ விகிதத்தையும் கேமரா வைக்கும் முன்பே கேட்டுவிடணும். "எங்கே மாட்டப் போறீங்க சார்?" என்று கேட்டால் இரண்டுக்கும் பதில் வந்துவிடும்.

கடைசியாக உரிமை. சில மாதம் கழித்து அதே படத்தை ஒரு டைல்ஸ் கடையின் விளம்பர நோட்டீஸில் பார்த்தேன். யார் எங்கே பயன்படுத்தலாம் என்று நான் எழுதவே இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி இப்படிக் கொடுக்கும் அனுமதி எழுத்தில் இருக்கணும். எழுத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே இந்த இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. மாடல் ஃபைல் சேர்ந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள்.

இப்போது நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"முன்பக்கம், வடகிழக்கு மூலை, மொட்டை மாடி: 3 பகல் வியூ, வியூவுக்கு 3,500, மொத்தம் 10,500 ரூபாய். நீங்கள் 12-ஆம் தேதி அனுப்பிய டிராயிங்படி. கோணம் வெள்ளை மாடலில் முடிவாகும். 2 சுற்று கரெக்‌ஷன் சேர்ந்தது, ஒவ்வொரு சுற்றும் ஒரே பட்டியலாக. கூடுதல் சுற்று 700. டிராயிங் மாறினால் மணிக்கு 400. படங்கள் 3840 × 2160. முன்பக்கம் மட்டும் ஃப்ளெக்ஸுக்காக 7200 × 3600, இரண்டுக்கு ஒன்று வடிவம். இந்த வீட்டின் விளம்பரத்துக்கு உங்கள் நிறுவனம் மட்டும், இந்தியாவுக்குள் 5 ஆண்டு பயன்படுத்தலாம். வேறு கடை, கம்பெனிக்குக் கொடுக்க என் சம்மதம் வேண்டும். முழுப் பணம் வந்த பிறகே இந்த அனுமதி. மாடல் ஃபைல் சேராது. அட்வான்ஸ் 50 சதவீதம்."

அதே பில்டர் அடுத்த வீட்டுக்கு வந்தபோது இதைத்தான் அனுப்பினேன். படித்துவிட்டு, "மொட்டை மாடி வேணாம் தம்பி, அதுக்குப் பதிலா முன்பக்கம் ராத்திரி ஒண்ணு" என்றார். 7,000-உடன் 2,100 சேர்த்து 9,100 என்று மாற்றி எழுதி அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது, அட்வான்ஸும் வந்தது. அதன் பிறகுதான் மாடலைத் திறந்தேன்.