0.20% இலக்கு வைக்கும் ஸ்கால்பர் கவனத்துக்கு

இலக்கு 0.20%, ஸ்டாப் லாஸ் 0.10% என்றால் மூன்றில் ஒரு டிரேடு ஜெயித்தாலே போதும் என்று தோன்றும். செலவைச் சேர்த்துப் பாருங்கள். டேக்கர் கட்டணம் ஒரு பக்கத்துக்கு 0.05%, ஸ்லிப்பேஜ் 0.02% என்று வைத்துக்கொள்வோம். மார்க்கெட் ஆர்டரில் உள்ளே போய் வெளியே வர 0.14% போய்விடும். லாபம் 0.06% ஆகச் சுருங்கும், நஷ்டம் 0.24% ஆக வீங்கும். இப்போது நூற்றுக்கு 80 டிரேடு ஜெயித்தால்தான் அசலே தேறும். அப்படி யாராலும் நெடுநாள் ஓட்ட முடியாது என்பது என் கருத்து.

நுழைவையும் இலக்கையும் லிமிட் ஆர்டரில் வைத்து, மேக்கர் கட்டணம் 0.02% என்றால் லாபம் 0.16%. ஸ்டாப் மட்டும் மார்க்கெட்டில் போவதால், டேக்கர் கட்டணமும் ஸ்லிப்பேஜும் சேர்ந்து நஷ்டம் 0.19%. தேவையான வெற்றி சுமார் 54%தான். ஆர்டர் போடும்போது ‘Post Only’ தேர்வு செய்யுங்கள். உடனே நிறைவேறி டேக்கராக மாறக்கூடிய ஆர்டரை அது ரத்து செய்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. விலை உங்கள் பக்கம் பாயும்போது லிமிட் ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும். எதிராக வரும்போது தவறாமல் நிறைவேறும். அதனால் தவறவிட்ட டிரேடுகளையும் குறித்துவைத்து, உண்மையான வெற்றி விகிதத்தைக் கணக்கிடுங்கள்.