ரேழியில் ரௌட்டர், மாடியில் மீட்டிங்

சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ வேலை பார்த்துவிட்டு, அம்மா அப்பாவோடு ஆறு மாதம் இருக்கலாம் என்று கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் லேப்டாப்போடு வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபைபர் இணைப்பு இப்போது கிராமங்கள் வரை வந்துவிட்டது. கேபிள்காரரிடம் சொன்னால் ஓரிரு நாளில் போட்டுவிட்டுப் போகிறார். அப்புறம்தான் தலைவலி ஆரம்பிக்கும்: நெட் வேகமாகத்தான் இருக்கும், மீட்டிங்கில் மட்டும் உங்கள் குரல் வெட்டி வெட்டிப் போகும்.

இணைப்பு கேட்கும்போது எல்லோரும் டவுன்லோட் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் முகமும் குரலும் வெளியே போவது அப்லோடில். அதைத் தனியாகக் கேளுங்கள். சில திட்டங்களில் இரண்டும் ஒரே அளவு, சிலவற்றில் அப்லோட் கால்வாசிகூட இருக்காது. ஆனாலும் தேவை ஒன்றும் பெரிதல்ல. ஜூமில் பலர் சேர்ந்த மீட்டிங்கில் நீங்கள் 720பி தரத்தில் முகம் காட்ட ஏறத்தாழ 2.6 எம்பிபிஎஸ் போக வேண்டும். குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும். ஒரே வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் மீட்டிங்கில் இருந்தாலும் 10 எம்பிபிஎஸ் அப்லோட் தாராளம்.

அப்படியானால் 10 எம்பிபிஎஸ் இருந்தும் குரல் ஏன் உடைகிறது? நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அக்கா வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

அத்தானுக்கு சிங்கப்பூர் ஆபீஸ். அங்கே காலை 9 மணி மீட்டிங் என்றால் இங்கே 6.30. வீடு பழைய ஓட்டு வீடு. ஃபைபர் வயர் வாசல் வழியாக வந்து ரேழியில் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அத்தான் வேலை பார்ப்பது பின்கட்டு மாடி அறையில். நடுவில் முற்றம், கூடம், ஒன்றரை அடி செங்கல் சுவர் இரண்டு. வந்த முதல் நாளே, "மாப்ளே, நான் பேசுறது ரோபோ மாதிரி கேக்குதாம். நெட்டை மாத்திடலாமா?" என்றார்.

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் குரல் மட்டும் எல்லோருக்கும் உடைகிறது என்றால் கோளாறு உங்கள் அப்லோட் பக்கம். எல்லோர் குரலும் உங்களுக்கு உடைந்து கேட்டால் உங்கள் டவுன்லோட் பக்கம். ஒரே ஒருவர் குரல் மட்டும் உடைந்தால் அது அவர் வீட்டுப் பிரச்சினை, நீங்கள் காபி குடிக்கலாம்.

குரல் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு செகண்டுக்கு 50 பாக்கெட். அதில் சில தொலைந்தாலோ தாமதமாக வந்தாலோ, எதிர்ப்பக்க ஆப் அந்த ஓட்டையைத் தானே இட்டு நிரப்பப் பார்க்கும். அந்த ஒட்டுவேலைதான் ரோபோ குரல். ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது சில செகண்டுகளின் சராசரி. நடுவில் கால் செகண்டு அடைப்பு வந்தால் அது அதில் தெரியாது, குரலில் தெரியும்.

எங்கே அடைக்கிறது என்று பார்க்க, விண்டோஸில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, மீட்டிங் நடக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஒன்றை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரௌட்டர் வரை போய் வருகிறது, இரண்டாவது வெளி உலகம் வரை. ரௌட்டரின் எண் வீட்டுக்கு வீடு மாறலாம். `ipconfig` அடித்தால் `Default Gateway` என்ற வரியில் இருக்கும். நிறுத்த `Ctrl+C`.

அத்தான் லேப்டாப்பில் ரௌட்டர் வரை போய் வரவே 4, 6, 180, 9 மில்லி செகண்டு, அப்புறம் `Request timed out.` என்று வந்தது. வீட்டை விட்டு வெளியே போகும் முன்பே அடிபடுகிறது என்றால் அது வைஃபை, கேபிள்காரர் மேல் பழி போட முடியாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவர்களைத் தாண்டாது. 2.4 தட்டுத் தடுமாறிப் போகும், ஆனால் புளூடூத் ஹெட்செட்டும் அதே அலையில்தான் ஓடுகிறது. சுவரில் செருகும் வைஃபை ரிப்பீட்டரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். சிக்னல் கோடு நிறையும், பாக்கெட் இரண்டு தடவை காற்றில் தாவ வேண்டியிருக்கும். தாழ்வாரத்து ஓரமாக 25 மீட்டர் கேட்6 கேபிளை இழுத்து மாடியில் லேப்டாப்பில் சொருகினோம். 100 மீட்டர் வரை அது தாங்கும். ரௌட்டருக்கு இப்போது `<1ms`. ஹெட்செட்டையும் வயர் உள்ளதாக மாற்றச் சொன்னேன். புளூடூத்தில் மைக் ஓடத் தொடங்கியதும் ஒலித்தரம் பழைய போன் அளவுக்கு இறங்குவது பல செட்களில் உண்டு.

நாலு நாள் நிம்மதி. அக்காவுக்கு வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை 6.30-க்கு மறுபடி அதே ரோபோ. இந்த முறை ரௌட்டர் வரை `<1ms` அசையவில்லை; வெளியே 14 மில்லி செகண்டாக இருந்தது 700-க்கு ஏறி நின்றது. கூடத்தில் போய்ப் பார்த்தால் வளைகாப்புக்கு வந்து தங்கியவர்களின் ஐந்து போன்கள் சார்ஜில், ஐந்தும் முந்தைய நாள் வீடியோவையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். லாரி வரிசை நின்றுவிட்டால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்க வேண்டியதுதான், அது சின்ன வண்டி என்று யாரும் வழிவிடுவதில்லை. 10 எம்பிபிஎஸ் அப்லோடை வீடியோக்கள் நிரப்பியதும், போக முடியாத பாக்கெட்டுகளைப் பெட்டி வரிசையில் நிறுத்திவைக்கும். குரல் பாக்கெட்டும் அதே வரிசையின் கடைசியில்.

அன்றைக்குப் போன்களில் பேக்கப்பை நிறுத்தினோம், 700 மறுபடி 14 ஆனது. நிரந்தரத் தீர்வு வேறு: பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதி உள்ள ரௌட்டர் ஒன்றைக் கேபிள்காரர் பெட்டிக்குப் பின்னால் வைத்து, அப்லோட் எல்லையை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாகக் கட்டிவிட வேண்டும். 10 வந்தால் 8.5 போடுங்கள். வரிசை பெட்டியில் சேராது, குரல் பாக்கெட்டுக்குத் தனி வழி கிடைக்கும். அதிக அப்லோட் உள்ள திட்டத்துக்கு மாறினால் அடைப்பு சீக்கிரம் தீரும், வராமல் இருக்காது.

தூரத்தை இதில் குறை சொல்லாதீர்கள். லண்டன் ஆபீஸ் என்றால் கண்ணாடி இழையில் ஒளி போய்ச் சேரவே குறைந்தது 40 மில்லி செகண்டு ஆகும். அதனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து முட்டிக்கொள்ளலாம், ஆனால் குரல் உடையாது.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும், ஆனால் ரேழி பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஃபேனும் லைட்டும்தான் இருக்கும். லைனில் இருந்தாலும் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் சில பெட்டிகள் அணைந்து, மறுபடி எழ இரண்டு நிமிடம் எடுக்கும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் வைத்தால் அது தெரியவே தெரியாது. உங்கள் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட்தானா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

கேபிள்காரர் பக்கத்திலேயே கரண்ட் போய்விட்டால் உங்கள் யூபிஎஸ் என்ன செய்யும்? அப்போது போன் ஹாட்ஸ்பாட்தான். வீடியோவை அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கமும் அணைக்கச் சொல்லுங்கள். குரல் மட்டும் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் 36 எம்பிக்கு மேல் செலவாகாது. மாடி ஜன்னல் ஓரம் எந்த சிம்முக்கு சிக்னல் நன்றாக எடுக்கிறது என்பதை மட்டும் வந்த முதல் வாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் வீட்டில் கீழே ஒரு சிம், மாடியில் வேறொரு சிம்.