நாற்றில் நாகக் குறைபாடு: கண்டுபிடிப்பதும் திருத்துவதும்

விதைத்து அல்லது நட்டு இரண்டு மூன்று கிழமையில் நெற்பயிர் திட்டுத்திட்டாக நின்றுபோய்விடும். யூரியா போட்டும் எழும்பாது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்துத் தாழ்ந்த வயல்களிலும், மூதூர்ப் பக்கம் கடலேரியை ஒட்டிய காணிகளிலும் இப்படியொரு திட்டைக் கண்டால், அடுத்த யூரியா மூட்டையை அவிழ்க்க முன் நாகத்தை ஒருமுறை நினைக்க வேண்டும். கடையில் இது சிங்க் சல்பேட் என்ற பெயரில் கிடைக்கும்.

முதலில், இது நாகம்தானா?

திட்டின் நடுவிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கி, வேரைக் கழுவி, இலைகளைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். நாகம் குறைந்த பயிரில் இளம் இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்பு வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். அதற்குக் கீழேயுள்ள வயதான இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற கபிலப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகும். இலை விறைப்பை இழந்து தண்ணீரில் மிதக்கும். மட்டம் வெடிப்பது குறைந்துவிடும்.

தளைச்சத்துக் குறைவென்றால் மஞ்சள் வயதான இலையின் நுனியில் தொடங்கும். பெரும்பாலும் வயல் முழுக்க ஒரே மாதிரி வெளிறும், கபிலப் புள்ளி வராது. பனிப்பூச்சி என்றால் இலை நுனி நீளவாக்கில் சுருளும். உள்ளங்கையை நனைத்து நாற்றின் மேல் தடவினால் சின்னக் கறுப்புப் பூச்சிகள் கையில் ஒட்டும். இந்த இரண்டையும் விலக்கிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நாகம் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காமல் போவதுதான் பெரும்பாலான வயல்களில் நடப்பது. தண்ணீர் வடியாமல் நெடுநாள் நிற்கும் பள்ளம், காரத் தன்மையுள்ள மண், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியதால் அடிமண் வெளியே வந்த இடம், பொஸ்பேற்றுப் பசளையான ரி.எஸ்.பி.யை அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயல் ஆகிய நான்கையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தாலே காரணம் பாதி விளங்கிவிடும்.

நாற்றுமேடையில்

ஒரு ஏக்கர் நடுவதற்கு 16 பேர்ச் நாற்றுமேடை என்று வைத்துக்கொள்வோம். முந்திய போகத்தில் குறைபாடு கண்ட காணியென்றால், மேடையை மட்டப்படுத்திய பின், விதைக்க முன், 1 கிலோ சிங்க் சல்பேட்டை 2 கிலோ காய்ந்த மணலோடு கலந்து மேற்பரப்பில் சீராகத் தூவினால் போதும். ஆழமாக உழுது புதைக்காதீர்கள். இளவேர் இருப்பது மேல்மண்ணில்தான்.

இந்த அளவு பொடிக்கற்கண்டு போலிருக்கும், ஏறக்குறைய 21 வீதம் நாகமுள்ள ஹெப்டாஹைட்ரேட் வகைக்கு. 33 வீதமுள்ள மொனோஹைட்ரேட் என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போதும். பையில் எழுதியிருக்கும் வீதத்தைப் பார்க்காமல் நிறுத்துப் போடாதீர்கள்.

அறிகுறி ஏற்கெனவே தெரிந்துவிட்டால் இலைத்தெளிப்புத்தான் விரைவான வழி. 16 லீற்றர் தாங்கி ஒன்றுக்கு 80 கிராம் சிங்க் சல்பேட், 40 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. இந்த ஒரு தாங்கி 16 பேர்ச் மேடைக்குப் போதும்.

சுண்ணாம்பில்தான் பலர் தவறுவது

சிங்க் சல்பேட் கரைசல் அமிலத் தன்மையுள்ளது. அதைத் தனியே இளம் நாற்றில் தெளித்தால் இலை நுனி கருகலாம். கருகியதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை தெளிப்பார்கள். அந்த அமிலத்தை அடக்கத்தான் சுண்ணாம்பு.

செய்யும் ஒழுங்கு இது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சிங்க் சல்பேட்டை 5 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரையுங்கள். இன்னொரு வாளியில் சுண்ணாம்பை 2 லீற்றர் தண்ணீரில் கரைத்து, கல்லும் கசடும் போக மெல்லிய பருத்திச் சீலையில் இரண்டு தடவை வடியுங்கள். வடித்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சிங்க் கரைசலுக்குள் கிளறிக்கொண்டே சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பால்போல் கலங்கும், அது சரிதான். பிறகு தாங்கிக்குள் ஊற்றித் தண்ணீரை 16 லீற்றராக்குங்கள். இரண்டு பொடியையும் ஒன்றாகத் தாங்கிக்குள் கொட்டினால் அடியில் கட்டியாகித் தெளிமுனை அடைத்துக்கொள்ளும். கலந்ததை அன்றே தெளித்து முடிக்க வேண்டும். தெளிக்கும்போதும் தாங்கியை இடையிடையே குலுக்குங்கள்.

நீற்றாத சுண்ணாம்பு வேண்டாம். நல்ல சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் தாங்கிக்கு 160 கிராம் யூரியா சேர்க்கலாம். அடைப்புத் தொல்லை இல்லாததால் சின்ன மேடைக்கு யூரியாவே எனக்குப் பிடித்தது. ஆனால் பயிர் ஏற்கெனவே கடும்பச்சையாக, யூரியா கூடி நிற்கிறதென்றால் சுண்ணாம்புதான் சரி.

சிறுபோகத்தில் கச்சான் அடிக்கும் காலத்தில் வெள்ளெனக் காலையிலேயே தெளியுங்கள். பெரும்போகத்தில் மழை வானத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். தெளித்த கையோடு மழை பெய்தால் மருந்து கழுவிப் போய்விடும்.

சந்தேகமிருந்தால் ஒரு துண்டில் மட்டும்

திட்டின் நடுவில் நாலு குச்சி நட்டு அந்தத் துண்டுக்கு மட்டும் தெளித்துவிட்டு ஒரு கிழமை காத்திருங்கள். புதிதாக வரும் இலை பச்சையாக, நடுநரம்பு வெளிறாமல் வந்தால் நாகம்தான். பழைய கபில இலை மாறாது, அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதிய இலையிலும் மாற்றமில்லையென்றால் மருந்தைக் கூட்டாமல், பயிரைப் பிடுங்கிக் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

வயலில்

முதல் வேலை வக்கடையைத் திறப்பது. தேங்கிய தண்ணீரை வடித்து மேல்மண்ணில் மயிர்வெடிப்புத் தெரியும் வரை விட்டால், மண்ணுக்குள் காற்றுப் போய் நாகம் ஓரளவு விடுபடும். உவர் ஏறும் கரையோரக் காணியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மண் காய்ந்தால் உப்பு மேலே வரும். அங்கே நல்ல தண்ணீர் கட்டிப் பழையதை வெளியே விடுவதுதான் பாதுகாப்பு.

பிறகு ஏக்கருக்கு 10 கிலோ ஹெப்டாஹைட்ரேட்டை 20 கிலோ மணலோடு கலந்து, மெல்லிய ஈரத்தில் தூவுங்கள். இரண்டு நாளுக்குத் தண்ணீர் வெளியேறாமல் வக்கடையை மூடி வையுங்கள். பயிர் ஏற்கெனவே நின்றுபோயிருந்தால் இதோடு இலைத்தெளிப்பும் வேண்டும்: ஏக்கருக்குப் பத்துத் தாங்கி, அதாவது 800 கிராம் சிங்க் சல்பேட், 400 கிராம் சுண்ணாம்பு. பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டாவது தடவை. இவ்வளவையும் வயல் முழுக்கப் போட வேண்டியதில்லை, திட்டுக்கும் அதன் ஓரத்துக்கும் போட்டால் காசு மிஞ்சும்.

நடுகை செய்பவர்களுக்கு இன்னொரு மலிவான வழியுண்டு. 10 லீற்றர் தண்ணீரில் 200 கிராம் சிங்க் ஒக்சைட்டைக் கலக்கி, நாற்றுக்கட்டின் வேரை ஓரிரு நிமிடம் தோய்த்து, கழுவாமல் நடுவது. இந்தப் பொடி கரையாது, வேரில் பூசிக்கொள்ளும். அடியில் படிவதால் ஒவ்வொரு கட்டுக்கும் முன் கிளற வேண்டும். இதே அளவில் சல்பேட்டைப் பாவிக்காதீர்கள், வேர் கருகும்.

பின்னர் சேர்த்தது

ரி.எஸ்.பி.யோடு சேர்த்து ஒரே தடவையில் வீசலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. இரண்டும் சேர்ந்தால் எளிதில் கரையாத நாகப் பொஸ்பேற்றாகி, இரண்டுமே பயிருக்குப் பயன்படாமல் போகும். ரி.எஸ்.பி.யை அடிக்கட்டாக உழவில் மண்ணோடு கலந்துவிட்டு, நாகத்தைச் சில நாள் கழித்து மேல்மண்ணில் போடுங்கள். களைநாசினித் தாங்கிக்குள்ளும் இதைச் சேர்க்க வேண்டாம்.

ஒவ்வொரு போகமும் மண்ணில் போட வேண்டுமா என்றும் கேள்வி வந்தது. தேவையில்லை, ஒரு தடவை போட்டது அடுத்து வரும் சில போகங்களுக்கும் கைகொடுக்கும். கார மண்ணில் இந்த மிச்சம் விரைவில் கட்டுண்டு போவதால், அங்கே மட்டும் இளம் இலையின் நடுநரம்பை ஒவ்வொரு போகமும் மூன்றாம் கிழமையில் பார்த்துத் தீர்மானியுங்கள்.