சோடியம் D கோடு இடைவெளி: ஒரு வழியா சரியா வந்துச்சு

சோடியம் லேம்ப் வெளிச்சத்துல D1, D2ன்னு பக்கத்து பக்கத்துல ரெண்டு மஞ்சள் கோடு இருக்கு, அதோட அலைநீள வித்தியாசத்த அளந்துட்டு இருந்தேன். மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டர்ல ஃப்ரிஞ்ச், அதாவது வெளிச்சமும் இருட்டுமா மாறி மாறி வர்ற வரி, ஒரு தடவை மங்கி அடுத்த தடவை மங்குற வரைக்கும் கண்ணாடி எவ்வளவு நகருதுன்னு பாத்து அதுல இருந்து வித்தியாசத்தக் கணக்குப் போட்டா, ஒவ்வொரு தடவையும் வேற வேற விடை, 0.5 நானோமீட்டர் வரும், அப்புறம் 0.7 வரும். லேம்ப்ப நல்லா சூடாக விட்டு பாத்தேன், கண்ணாடி ரெண்டையும் திரும்ப அலைன் பண்ணேன், ஒண்ணும் மாறல.

விஷயம் என்னன்னா ஃப்ரிஞ்ச் முழுசா மறையவே மறையாது. ரெண்டு கோட்டுல D2 ஏறக்குறைய ரெண்டு மடங்கு பிரகாசம், அதனால ரொம்ப மங்குன இடத்துலயும் லேசா வரி தெரியும், அதுவும் அந்த மங்கல் ரொம்ப அகலமா இருக்கும், எது நடுன்னு கண்ணால சொல்ல முடியாது. முழுசா மறையும்னு காத்திருந்தா நடுவத் தாண்டிப் போயிடுவோம்.

அதனால வரிய எண்ண முடியாம போற இடத்தையும் மறுபடி எண்ண முடியுற இடத்தையும் குறிச்சு, ரெண்டுக்கும் நடுப்புள்ளிய எடுத்தேன். மைக்ரோமீட்டர ஒரே பக்கமாத்தான் திருப்பணும், பின்னாடி திருப்புனா திருகு லூஸா ஆடுறதும் கணக்குல சேந்துடும். ஒரு மங்கலுக்கு அடுத்தத மட்டும் பாக்காம 10 இடைவெளி தள்ளிப் போனேன்: 2.90 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணுக்கு d = 0.290.

Δλ = λ²/(2d), λ = 589.3 நானோமீட்டர்னு போட்டா 0.599 வருது. புத்தகத்துல 0.597. அப்பாடா!