இந்த ஸ்லோகம் வேதமா, மனுவா? கண்டுபிடிக்கும் வழி

"வேதத்திலேயே இருக்கிறது" என்று யாராவது ஒரு சமஸ்கிருத வரியைப் போடுவார்கள். எதிர்த்தரப்பு "இல்லை, அது மனு" என்பார். இரண்டு பக்கமும் ஐம்பது பதில் வரை போகும். ஆனால் வரியைத் தேடிப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். தேடுவதற்கு சமஸ்கிருதப் புலமை தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும், ஒரு கோப்பில் தேடத் தெரிந்தால் போதும்.

வேதத்தையும் தர்மசாஸ்திரத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மனுவே பதில் வைத்திருக்கிறார். இரண்டாம் அத்தியாயம் பத்தாம் ஸ்லோகம், வேதம் ச்ருதி, தர்மசாஸ்திரம் ஸ்ம்ருதி என்று தெளிவாகப் பிரிக்கிறது. மரபுப்படி ச்ருதிக்கு ஆசிரியர் கிடையாது. ஸ்ம்ருதிக்கு மனு, யாக்ஞவல்க்யர், கௌதமர் என்று ஒரு பெயர் உண்டு. சங்கிதை, பிராமணம், ஆரண்யகம், உபநிஷத் நான்கும் ச்ருதிக்குள் அடங்கும்.

எடுத்துக்காட்டுக்கு வேண்டுமென்றே ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு ஸ்லோகங்களை எடுத்துக்கொள்கிறேன். நான்கு வர்ணங்களும் வாய், தோள், தொடை, பாதம் ஆகியவற்றிலிருந்து வந்ததாகச் சொல்பவை. கருத்தை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. அதனால்தான் எல்லோரும் இங்கே குழம்புகிறார்கள்.

அ) ப்ராஹ்மணோऽஸ்ய முகமாஸீத் | பாஹூ ராஜன்ய: க்ருத: | ஊரூ ததஸ்ய யத்வைச்ய: | பத்ப்யாம் சூத்ரோ அஜாயத ||

ஆ) லோகானாம் து விவ்ருத்த்யர்த்தம் | முகபாஹூருபாதத: | ப்ராஹ்மணம் க்ஷத்ரியம் வைச்யம் | சூத்ரம் ச நிரவர்தயத் ||

படி 1: மூல வரியைக் கேட்டு வாங்குங்கள்

தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தேட வேண்டாம். "ரிக்வேதம் 10:90" என்று எண் மட்டும் கொடுத்தாலும் போதாது, வரி வேண்டும். படத்தில் எழுதிப் பரவும் ஸ்லோகத்தின் கீழே இருக்கும் எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

படி 2: எழுத்தை எண்ணுங்கள்

இதில் தமிழ் எழுத்து நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. புள்ளி வைத்த எழுத்தையும், விஸர்கப் புள்ளிகளையும் (அந்த ':'), 'ऽ' குறியையும் விட்டுவிட்டு மீதியை எண்ணினால், அதுவே சமஸ்கிருத யாப்பில் எண்ண வேண்டிய அசைகள். க்ஷ வந்தால் ஒன்று.

ஆ-வை எண்ணுங்கள். கோடுகளுக்கு இடையில் இருக்கும் ஒவ்வொரு கால்பகுதியும் ஒரு பாதம். லோ, கா, னா, து, வி, ரு, ய, த: எட்டு. மு, க, பா, ஹூ, ரு, பா, த, த: எட்டு. மற்ற இரண்டு பாதங்களும் எட்டேதான். மனுஸ்ம்ருதியில் பெரும்பாலும் இந்த எட்டு நான்கு முப்பத்திரண்டு கணக்கு பிசகாது. தேர்ந்த கைகள் இலக்கணத்தோடு அமைத்த அனுஷ்டுப் யாப்பு அது.

இப்போது அ. முதல் பாதம் எட்டு. இரண்டாவது: பா, ஹூ, ரா, ஜ, ய, ரு, த. ஏழுதான் வருகிறது! யாரும் எழுத்தைத் தவறவிடவில்லை. 'ராஜன்ய' என்பதை 'ராஜனிய' என்று நான்கு அசையாக விரித்தால்தான் எட்டு நிரம்பும். வேத யாப்பில் மெய்யை ஒட்டிய யகரமும் வகரமும் இப்படி 'இய', 'உவ' என்று விரிவது வெகு சகஜம். பிற்கால ஸ்லோகத்தில் இப்படி நடக்காது.

நான்காம் பாதத்தைப் பாருங்கள். 'சூத்ரோ அஜாயத' என்று இருக்கிறது. பாணினி இலக்கணப்படி பதத்தின் இறுதி ஓகாரத்துக்குப் பின் வரும் அகரம் மறைந்து 'சூத்ரோऽஜாயத' ஆக வேண்டும். இங்கே அகரம் அப்படியே நிற்கிறது. அதை நீக்கினால் பாதம் ஏழாகக் குறைந்துவிடும். ஒரே ஸ்லோகத்தில் இரண்டு பழைய தடயங்கள். (முதல் பாதத்தில் மட்டும் ஏன் அகரம் மறைந்தது என்றால், அங்கே மறைந்தால்தான் எட்டு. வேதக் கவி இரண்டு வழியையும் பயன்படுத்துவார்.)

இந்தப் படி சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. கட உபநிஷத்தின் பல ஸ்லோகங்கள் சுத்தமாக எட்டெட்டாக ஓடும், ஆனாலும் அவை ச்ருதி. அதனால் கணக்கு பிசகினால் வேதம் என்று சந்தேகிக்கலாம், கணக்கு சரியாக வந்ததால் மனு என்று முடிவு கட்டக் கூடாது.

ஸ்வரக் குறிகளும் இப்படித்தான். எழுத்துக்குக் கீழே படுக்கைக் கோடும் மேலே நிமிர்ந்த கோடும் இருந்தால் அது வேதப் பாடம், மனுவுக்கு அது கிடையாது. குறி இல்லாவிட்டாலோ ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பெரும்பாலான உபநிஷத்துகள் ஸ்வரமில்லாமலே அச்சாகின்றன. 'தேவா:' என்பதற்குப் பதில் 'தேவாஸ:', 'தேவை:' என்பதற்குப் பதில் 'தேவேபி:' என்று வந்தாலும் வேதத்தின் பக்கம் சாயலாம்.

படி 3: தேடும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் கைவிடும் இடம் இது. தமிழில் எழுதிய ஸ்லோகத்தில் க ஒன்று நான்கு எழுத்துக்கு நிற்கிறது, த, ப, ட மூன்றும் அப்படியே. 'முக' என்பதை முதல் க-வா இரண்டாம் க-வா என்று தெரியாமல் ரோமன் எழுத்தில் அடித்தால் ஒன்றும் கிடைக்காது. "தேடினேன், இல்லை" என்று முடிவும் எழுதிவிடுவார்கள்.

நல்ல பதிப்பாளர்கள் க², க³, க⁴ என்று மேலே எண் போட்டு அச்சிடுவார்கள். அது கிடைத்தால் அக்ஷரமுகா மாற்றியில் ஒட்டினால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், குழப்பமில்லாத எழுத்துகள் நிறைந்த சொல்லைப் பிடியுங்கள். ய, ர, ல, வ, ம, ஸ, ஹ, இவற்றுக்கு இரட்டை வேடம் கிடையாது. அ-வில் 'ராஜன்ய' கச்சிதம். ஆ-வில் 'நிரவர்தயத்' என்பதில் த வரும் முன்பே நிறுத்திக்கொள்ளலாம். சொல்லின் முடிவையும் விட்டுவிடுங்கள், சந்தியில் அது மாறியிருக்கும்.

```
rājany
niravar
```

படி 4: தேடுங்கள்

நான் GRETIL என்ற சமஸ்கிருத மின்னூல் தளத்தின் வெறும் எழுத்துக் கோப்புகளைத்தான் நம்புகிறேன். அழகான செயலிகள் ஏராளம் உண்டு, ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள் என்று பலவும் சொல்வதில்லை. ரிக்வேதக் கோப்பையும் மனுஸ்ம்ருதிக் கோப்பையும் திறந்து Ctrl+F. ஸ்வரக் குறி சேர்த்த ரிக்வேதக் கோப்பைத் திறந்தால் மேலே சொன்ன சொல் அகப்படாமல் போகலாம், குறியில்லாததைத் திறங்கள்.

அ, ரிக்வேதம் 10.90.12இல் இருக்கிறது, அதாவது புருஷ ஸூக்தம். ஆ, மனு 1.31. சிலர் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனுவின் ஸ்லோக எண் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு முன்பின் ஆகும் என்பதால் எண் பொருந்தவில்லை என்றதும் பதற வேண்டாம், அக்கம்பக்கம் பாருங்கள்.

எந்த வேதம் என்றே தெரியாதபோது ப்ளூம்ஃபீல்டின் வேத மந்திர அகராதி, 1906இல் வந்தது, இன்றுவரை எனக்கு முதல் கருவி. அதில் ஒவ்வொரு பாதமும் தனித்தனிப் பதிவு, அகர வரிசை சமஸ்கிருத முறைப்படி. ஒரு பாதம் பாடபேதத்தால் அகப்படாவிட்டால் அடுத்த பாதத்தைப் பாருங்கள். நம் ஸ்லோகமே அதர்வ வேதத்தில் (19.6.6) 'ராஜன்யோऽபவத்' என்றும், 'ஊரூ' இருக்கும் இடத்தில் 'மத்யம்' என்றும் மாறி வருகிறது. முதல் பாதமும் நான்காம் பாதமும் மாறவில்லை. மூன்றாம் பாதத்தைத் தேடியவர் அதர்வ வேதத்தைத் தவறவிடுவார், நான்காம் பாதத்தைத் தேடியவர் இரண்டையும் பிடிப்பார்.

இரண்டு பக்கமும் இல்லையென்றால்? மகாபாரதம், புராணம், நீதி நூல்கள் என்று தேடுங்கள். "வேதம் இல்லையென்றால் மனு" என்று ஒரு விதியும் கிடையாது.

பிற்சேர்க்கை: உரைநடை வந்தால்

இதைப் படித்த ஒருவர் வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும் வரியை அனுப்பி, "எட்டெட்டாக வரவில்லையே, அப்படியானால் வேதமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 'அத ஹாஸ்ய வேதமுபச்ருண்வதஸ்' என்று தொடங்கும் அது ஸ்லோகமே இல்லை, சூத்திர உரைநடை. கௌதம தர்மசூத்திரம் 12.4. வேதமும் இல்லை, மனுவும் இல்லை. சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் (1.3.38) இதை எடுத்தாள்கிறார், அதனால் சிலர் அதை உபநிஷத் வரி என்று எண்ணிவிடுகிறார்கள். மனு 8.272இல் வருவது வேறு தண்டனை: பிராமணருக்குத் தர்மம் உபதேசிக்கும் சூத்திரனின் வாயிலும் காதிலும் கொதிக்கும் எண்ணெய். குற்றமும் வேறு, ஊற்றும் பொருளும் வேறு.

இதற்கு நேர் எதிரான வலை ஒன்றும் உண்டு. 'யத்வை கிம் ச மனுரவதத் தத் பேஷஜம்', மனு சொன்னது எதுவோ அது மருந்து. மனுவின் பெயர் இருப்பதால் ஸ்ம்ருதி என்று நினைப்போம். தைத்திரீய சங்கிதை 2.2.10இல் இருக்கும் ச்ருதி வாக்கியம் அது. எண்ணும் படியை உரைநடைக்கு விட்டுவிடுங்கள். ப்ளூம்ஃபீல்டும் முதன்மையாக மந்திரங்களுக்கானது, பிராமண உரைநடைக்கு அதை நம்ப முடியாது. நேரே கோப்பில் தேடுவது ஒன்றே வழி.

இன்னொரு பிற்சேர்க்கை: இரண்டிலும் இருந்தால்

ஒரு பாதம் பொருந்தியதும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். 'யதஸ்யாம் ஜாயதே புன:' என்ற பாதத்தைத் தேடினால் ஐதரேய பிராமணத்தில் 7.13இல் அகப்படும், மனு 9.8லும் அகப்படும். மனைவியிடம் கணவனே மீண்டும் பிறக்கிறான் என்ற கருத்தும் ஒன்றே. முன்னால் உள்ள வரிகளுக்குப் போனால்தான் பிரியும்: பிராமணத்தில் அதற்கு முந்தைய ஸ்லோகம் 'பதிர்ஜாயாம் ப்ரவிசதி' என்று தொடங்கும், மனுவில் அதே ஸ்லோகத்தின் முதல் பாதம் 'பதிர்பார்யாம் ஸம்ப்ரவிச்ய'. அனுப்பியவர் எழுதியது 'பார்யாம்' என்றால் மனு 9.8 என்று எழுதுங்கள், கடைசிப் பாதம் ஐதரேய பிராமணம் 7.13லும் உண்டு என்று பக்கத்தில் குறியுங்கள். அவர் கடைசிப் பாதத்தை மட்டும் அனுப்பியிருந்தால், முழு ஸ்லோகம் வரும்வரை இரண்டு எண்ணையும் சேர்த்தே கொடுங்கள்.