கொழுந்துக் கூடைக்காரி துடிக்காமல் நடக்க

பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்து ஓய்வுபெற்றவன் நான். லயத்துப் பையனுக்கு அசையும் படம் சொல்லிக்கொடுக்கிறேன். ஃபோன் அவனுடைய அத்தையுடையது. கொழுந்துக் கூடையோடு நடக்கும் பெண்ணை 8 தாளில் வரைந்து படமெடுத்தான். ஓடவிட்டால் வெளிச்சம் துடித்தது.

"கோடு சரியாத்தானே இருக்கு ஐயா?" என்றான்.

கோடு சரிதான். குதிப்பது கோடு என்றால் தாள் நகர்ந்திருக்கும். வெள்ளைத் தாளே மங்கி வெளுத்தால் கேமராதான் காரணம். ஒவ்வொரு படத்துக்கும் அது வெளிச்சத்தைப் புதிதாக அளக்கிறது. யன்னலில் மூடுபனி கடந்தாலும், தாளில் கறுப்பு கூடினாலும் அளவு மாறிவிடும்.

யன்னலை மூடி, ஒரே பல்பைப் பக்கவாட்டில் வைத்தோம். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஃபோனைக் கவிழ்த்து, தாளின் மூலைக்கு அட்டை ஒட்டினோம். கேமராத் திரையை விரலால் அழுத்திப் பிடித்தால், பல ஃபோன்களில் வெளிச்ச அளவு மாறாதபடி பூட்டுக் குறி வரும். பிறகு 8 தாளையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். இடையில் அழைப்பு வந்தால் பூட்டு விட்டுப்போகலாம் என்பதால், அத்தையிடம் சொல்லிவிட்டு விமானப் பயன்முறையில் போட்டோம்.

துடிப்பு நின்றது. ஆனால் விநாடிக்கு 12 படம் வைத்ததால் அவள் ஓடினாள். 8 ஆக்கினோம்: 8 தாளுக்கு இரண்டு காலடி என்பதால் விநாடிக்கு இரண்டு காலடி, சுமையோடு நடக்கும் நடை.