பரு போன பின் நின்ற கரும்புள்ளி: எனக்குக் கைகொடுத்தது

கன்னத்தில் பரு ஆறிய இடத்தில் பழுப்புப் புள்ளி நின்றுவிட்டது. அது தழும்பு இல்லை. விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தெரியாது. பரு வீங்கிச் சிவந்தபோது அங்குள்ள நிறமிச் செல்கள் கூடுதலாக மெலனின் சுரந்ததன் மிச்சம். கொசு கடித்துச் சொறிந்த இடமும் இப்படித்தான் கறுக்கும்.

பழுப்பாக இருந்தால் நிறமி மேல்தோலில் இருக்கிறது, சில மாதங்களில் மங்கும். சாம்பல் நீலமாகத் தெரிந்தால் அடித்தோலுக்கு இறங்கிவிட்டது. அது வருடக்கணக்கில் நிற்கலாம். கிள்ளினாலோ சொறிந்தாலோ புண் மறுபடி அழன்று, கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

எந்தப் பூச்சையும்விட எனக்கு உதவியது சன்ஸ்கிரீன்தான். வெயில் பட்டால் அதே செல்கள் மறுபடி மெலனின் சுரக்கும். பழையது உதிர்வதற்குள் புதியது சேர்ந்துவிடும். எஸ்பிஎஃப் 30க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி, நடு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. பட்டாணி அளவு தடவினால் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு பாதுகாப்பு கிடைக்காது, பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும்; அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்து இன்னும் கறுக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமும் அப்படியே: முதலில் வெளுக்கும், பிறகு தோலை மெலிய வைத்துப் பருவையே கிளப்பும்.